160 பக்க கம்பிரசர் மேனுவலை 4 பக்கமாக்குவது: கடைசி அத்தியாய அட்டவணையை எடுத்தால் போதாதா?

சாவி17 | 02.03.2024, இரவு 8.10

எங்கள் ஆலையில் 75 ஹெச்பி ஸ்க்ரூ கம்பிரசர் இரண்டு ஓடுகின்றன. மேனுவல் 160 பக்கம், யாரும் திறப்பதில்லை. ஷிப்ட் ஃபிட்டர்கள் தாங்களாகவே பார்த்துச் சரிசெய்கிற மாதிரி நான்கு பக்கத்தில் ஒன்று தயார் பண்ணு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மேனுவல் கடைசியில் கோளாறு, காரணம், தீர்வு என்று ஏற்கெனவே ஒரு அட்டவணை இருக்கிறது. அதைத் தமிழில் எழுதி லேமினேட் செய்து மாட்டினால் முடிந்தது என்று நினைக்கிறேன். இதில் யோசிக்க வேறு ஏதாவது இருக்கிறதா?

ஆயில்கறை | 02.03.2024, இரவு 9.35

இருக்கிறது. நீங்கள் சொன்னதையே மூன்று வருடம் முன்பு எங்கள் ஃபவுண்ட்ரியில் செய்தேன். மாட்டிய அட்டை இரண்டே மாதத்தில் டீ கிளாஸுக்கு அடியில் போய்விட்டது.

அந்த அட்டவணையில் 'வெப்பநிலை அதிகம்' என்ற வரிக்கு நேராக ஒன்பது காரணங்கள் இருந்தன. ஒன்பதும் உண்மைதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மோல்டிங் லைன் நின்றுகொண்டிருக்கும்போது ஃபிட்டருக்கு வேண்டியது இந்த ஒன்பதில் இன்றைக்கு எது என்பது. அதை எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது என்று மேனுவல் சொல்லவில்லை. சில வரிகளில் தீர்வு என்ற இடத்தில் 'சர்வீஸ் மையத்தை அழைக்கவும்' என்று மட்டும் இருந்தது.

பாகத்தை அறிந்தவன் பாகத்திலிருந்து தொடங்கி எழுதியது மேனுவல். நம் ஆள் சத்தம், சூடு, நாற்றம், பேனலில் வந்த எழுத்து, இவற்றிலிருந்து தொடங்குகிறான். பக்கத்தைக் குறைப்பது பெரிய வேலையில்லை, இந்தத் திசையைத் திருப்புவதுதான் வேலை.

டயர்க்கடை | 02.03.2024, இரவு 10.02

நம்ம கடையில் 5 ஹெச்பி கம்பிரசர், ஆறு மாதமாகக் காற்றோடு எண்ணெய் வருகிறது. இதற்கும் மேனுவல் கிடைக்குமா?

ஆயில்கறை | 02.03.2024, இரவு 10.20

அது பிஸ்டன் மெஷின் அண்ணே. ரிங் தேய்ந்திருக்கும். கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே பேசுவது வேறு இனம்.

ஆயில்கறை | 03.03.2024, காலை 7.15

இரவு அவசரத்தில் எழுதியதன் தொடர்ச்சி.

இரண்டாம் தடவை மேனுவலை மூடி வைத்துவிட்டு லாக் புக்கை எடுத்தேன். ஒன்றரை வருடத்துக்கு எழுபது சொச்சம் பதிவுகள் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கோடு போட்டு எண்ணினால், பாதிக்கு மேல் மூன்றே கோளாறுகள். சூடாகி நிற்கிறது, லைனில் எண்ணெய் வருகிறது, காற்று ஏறவில்லை. மேனுவல் அட்டவணையில் 31 வரிகள் இருந்தன. அவற்றில் பத்துக்கு மேல் எங்கள் ஆலையில் ஒரு தடவைகூட நடக்காதவை.

லாக் புக்கிலிருந்து கிடைத்த இன்னொன்று, வார்த்தைகள். 'வெளியேற்று வெப்பநிலை மிகைப்பு' என்று எங்கள் ஆட்கள் எவரும் எழுதியதில்லை. 'சூடு ட்ரிப்', 'ஆயில் கக்குது', 'லோடு எடுக்கல' என்றுதான் இருக்கிறது. அட்டையின் தலைப்புகளும் அவையே ஆயின. பேனலில் வரும் எழுத்தை மட்டும் திரையில் இருக்கிறபடியே `HIGH DISCHARGE TEMP` என்று போட்டேன். அதை மொழிபெயர்த்தால் பேனலையும் அட்டையையும் ஒப்பிட முடியாது.

உதிரிபாகம் | 03.03.2024, காலை 11.40

இருபது வருடமாக ஸ்பேர்ஸ் விற்கிறேன். ஆயில் கக்கினால், காற்றிலிருந்து எண்ணெயைப் பிரிக்கிற செப்பரேட்டர் எலிமெண்ட் போய்விட்டது என்று அர்த்தம். மாற்றினால் சரியாகிவிடும். இதற்கு ஒரு வரி போதும், பக்கம் எதற்கு?

மில்காரர் | 03.03.2024, மதியம் 1.05

உதிரிபாகம் சொல்வதில் பாதி சரி. எலிமெண்ட் அடைத்தாலும் கிழிந்தாலும் எண்ணெய் போகும். ஆனால் எலிமெண்ட் பிரித்தெடுத்த எண்ணெய் அதன் அடியில் சேர்ந்து, ஒரு மெல்லிய குழாய் வழியாகத்தான் ஸ்க்ரூ சுற்றுகிற ஏர்எண்டுக்குத் திரும்புகிறது. ஸ்கேவஞ்ச் லைன் என்போம். அதன் துளை குண்டூசி நுழைகிற அளவுதான். அது அடைத்துவிட்டால் புது எலிமெண்ட் போட்டாலும் நாலு மணி நேரத்தில் அதுவும் நனைந்து எண்ணெயைக் கக்கும். நான் நூற்பாலையில் இருந்தபோது ஒரே மாதத்தில் இரண்டு எலிமெண்ட் மாற்றிய புண்ணியவான்களைப் பார்த்திருக்கிறேன். குழாயில் சின்னக் கண்ணாடி வைத்திருப்பார்கள். லோடில் ஓடும்போது அதில் எண்ணெயும் குமிழியும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடி காலியாக இருந்து லைனில் எண்ணெய் வந்தால், முதலில் குழாயைக் கழற்றி ஊது.

எலிமெண்ட் மாற்றிய மறுநாளே எண்ணெய் வந்தால் அந்தக் குழாய் எலிமெண்ட்டின் அடிவரை இறங்கியிருக்கிறதா என்று பார். மேலே நின்றுவிட்டால் தேங்கிய எண்ணெயை உறிஞ்சாது.

உதிரிபாகம் | 03.03.2024, மதியம் 1.30

அதுவும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. எலிமெண்ட்டுக்கும் ஆயுசு இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

ஆயில்கறை | 03.03.2024, இரவு 9.10

ஐயா சொன்னதுதான் எங்கள் அட்டையின் இரண்டாம் பக்கம். முதல் வரி கண்ணாடியைப் பார், இரண்டாவது எண்ணெய் அளவு கூடுதலா பார், மூன்றாவதுதான் எலிமெண்ட். எது அதிகம் நடக்கிறது என்ற வரிசை இதில் இல்லை. கண்ணால் பார்ப்பது முதலில், கையால் செய்வது அடுத்து, காசு செலவாவது கடைசியில். கண்ணாடி பார்க்க பத்து விநாடி போதும். எலிமெண்ட் மாற்ற அரை ஷிப்ட் வேண்டும்.

சாவி17 | 04.03.2024, இரவு 7.50

அப்படியென்றால் சூடு ட்ரிப்பை எப்படிப் பிரித்தீர்கள்? எங்களுக்கு ஏப்ரல், மே வந்தால் அதுதான் தலைவலி.

ஆயில்கறை | 04.03.2024, இரவு 10.45

இது கொஞ்சம் நீளம். அவமானமும் உண்டு.

ஸ்க்ரூ கம்பிரசரில் எண்ணெய்தான் குளிர்விக்கிறது. டேங்கிலிருந்து கிளம்பி கூலர், ஃபில்டர் வழியாகப் போய் ஏர்எண்டுக்குள் தெளிக்கப்பட்டு மறுபடி டேங்குக்கு வருகிறது. நடுவில் ஒரு தெர்மோஸ்டாட் வால்வ் இருக்கும். எண்ணெய் குளிர்ந்திருக்கும்வரை கூலருக்கு அனுப்பாமல் குறுக்கு வழியில் திருப்பிவிடும். ஆகவே சூடாகி நின்றால் கூலர் அடைப்பு, வால்வ் திறக்காதது, எண்ணெய் ஓட்டம் குறைவு ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். (எண்ணெய் அளவு குறைவு, ரூமுக்குள் சூடான காற்றே சுற்றுவது ஆகிய இரண்டையும் நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிடலாம்.)

நான் கூலர் உள்ளே போகும் குழாய்க்கு A என்றும் வெளியே வரும் குழாய்க்கு B என்றும் பெயர் வைத்து, டெம்பரேச்சர் கன்னால் அளக்கச் சொன்னேன். இரண்டும் சூடு என்றால் கூலர். A குளிர்ந்திருந்தால் எண்ணெய் அந்தப் பக்கமே வரவில்லை, வால்வ். எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

ஏப்ரலில் ஒரு மதியம் ட்ரிப். பேனலில் 109, எங்கள் மெஷின் 110-இல் நின்றுவிடும். ஃபிட்டர் தம்பி அட்டையில் இருந்தபடியே அளந்தான். A 54, B 50. 'A குளிர்ச்சி, ஆகவே வால்வ்.' வால்வ் வரவழைத்து மாற்றினோம். அடுத்த மதியம் மறுபடி ட்ரிப்.

கடைசியில் பார்த்தால் கூலரின் உட்புறம், ஃபேன் பக்கம், எண்ணெயும் மணல் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் சுத்தம். அட்டை சொன்ன முறை சரி, அளந்த எண் பொய். அந்தக் குழாய் பளபளப்பான உலோகம். டெம்பரேச்சர் கன் பளபளப்பான பரப்பில் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும், சுற்றி இருப்பதன் பிரதிபலிப்பைத்தான் பெரும்பாலும் படிக்கும். அதே இடத்தில் கறுப்பு டேப் ஒட்டி அளந்தால் A 96, B 88.

வால்வ் காசு போனது என் கணக்கில்தான். தம்பிமேல் தவறே இல்லை.

உதிரிபாகம் | 04.03.2024, இரவு 11.00

வால்வ் எங்கே வாங்கினீர்கள்?

ஆயில்கறை | 04.03.2024, இரவு 11.04

உங்களிடம் இல்லை, தூங்குங்கள்.

மில்காரர் | 05.03.2024, காலை 6.20

தம்பி, டேப் நிலைக்காது. அந்தச் சூட்டில் பசை இளகி ஒரு வாரத்தில் நழுவிவிடும். சூடு தாங்கும் மேட் கறுப்பு பெயிண்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டம் போட்டுவிடு. எல்லோரும் ஒரே இடத்தில் அளப்பார்கள், அது இன்னொரு லாபம்.

அதைவிட முக்கியம், உன் A குறி எனக்குப் பிடிக்கவில்லை. A டேங்குக்குப் பக்கத்தில் இருக்கும். எண்ணெய் ஓடாவிட்டாலும் டேங்கின் சூடு குழாய் வழியே பரவி அதைச் சூடாக்கிவிடும். வால்வ் ஒட்டிக்கொண்டிருந்தும் A சூடாகத்தான் காட்டலாம். இன்னொன்று, ஃபில்டர் அடைத்து எண்ணெய் ஓட்டம் குறைந்தாலும் B குளிர்ந்துவிடும். குறைந்த எண்ணெய் கூலருக்குள் அதிக நேரம் இருப்பதால் நன்றாக ஆறிப்போய் வரும். அப்போது வால்வா, ஃபில்டரா என்று உன் அட்டை எப்படிச் சொல்லும்?

ஆயில்கறை | 05.03.2024, இரவு 9.55

நாள் முழுக்க இதே யோசனை. ஐயா சொன்னது சரி, என் அட்டையில் ஓட்டை.

இன்று மெஷின் முன்னால் நின்று யோசித்ததில் கிடைத்தது: எண்ணெய் ஏர்எண்டுக்குள் நுழைவதற்குச் சற்று முன் உள்ள குழாயில் மூன்றாவது குறி, C. குறுக்கு வழி எண்ணெயும் கூலர் எண்ணெயும் கலந்த பிறகு வருகிற இடம் அது.

B சூடு, C சூடு: எண்ணெய் கூலர் வழியாகத்தான் போகிறது, ஆனால் ஆறவில்லை. கூலரைச் சுத்தம் செய், ஃபேனைப் பார்.

B குளிர், C சூடு: சூடான எண்ணெய் கூலரைச் சுற்றிக்கொண்டு குறுக்கு வழியில் போகிறது. வால்வ்.

B குளிர், C குளிர், பேனலில் மட்டும் சூடு: நுழைகிற எண்ணெய் ஆறித்தான் போகிறது, ஆனால் அளவு போதவில்லை. ஃபில்டர்.

இப்படி எழுதியதும் A எதற்கு என்று பார்த்தேன். தேவையே இல்லை. அழித்துவிட்டேன். ஒரு குறி கூட்டப் போய் ஒரு குறி குறைந்தது.

மில்காரர் | 05.03.2024, இரவு 10.10

இப்போது ஒப்புக்கொள்கிறேன். சென்சாரே பொய் சொன்னால் என்ன செய்வாய் என்பதையும் சேர். காலையில் ஆறிக் கிடக்கும் மெஷினில் பேனல் 70 காட்டினால் சென்சாரைத்தான் பார்க்க வேண்டும்.

சாவி17 | 06.03.2024, காலை 8.25

சூடு, குளிர் என்றால் எத்தனை டிகிரி? மேனுவலில் B, C-க்கு எண்ணே இல்லையே.

ஆயில்கறை | 06.03.2024, மதியம் 12.40

இருக்காது. உங்கள் ரூம், உங்கள் கூலர், உங்கள் ஊர் வெயில் அவர்களுக்குத் தெரியாது. கூலரைச் சுத்தம் செய்த மறுநாள், மெஷின் ஒழுங்காக லோடில் அரை மணி நேரம் ஓடிய பிறகு நீங்களே அளந்து எழுதுங்கள். எங்கள் ஒன்றாம் நம்பர் மெஷினில் நல்ல நாளில் பேனல் 86, B 62, C 63, ரூம் 34. அந்த நான்கு எண்களையும் அட்டையின் மேலேயே பெரிதாக எழுதியிருக்கிறேன். இன்று B 80 என்றால் யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் நம்பர் மெஷினின் எண்கள் வேறு, ஆகவே அதன் அட்டையும் வேறு.

நின்ற பிறகு அளந்து பயனில்லை. ரீசெட் செய்து லோடில் விட்டு, பேனல் ஏறிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். ஆனால் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே வெப்பநிலை கிடுகிடுவென்று ஏறி நின்றிருந்தால் ரீசெட்டே கூடாது. அங்கே எண்ணெய் உள்ளே போகவே இல்லை, இன்னொரு தடவை ஓட்டினால் ஏர்எண்ட் பிடித்துக்கொள்ளும். ஆகவே சூடு ட்ரிப் பக்கத்தின் முதல் கேள்வி இப்படி: 'ஸ்டார்ட் செய்து எவ்வளவு நேரத்தில் நின்றது?'

தரப்பிரிவு | 06.03.2024, மாலை 5.30

ஆவணக் கட்டுப்பாடு பார்ப்பவள் என்ற முறையில் கேட்கிறேன். மேனுவலின் முன்பக்கத்தில் இருக்கும் பாதுகாப்பு எச்சரிக்கைகள் உங்கள் நான்கு பக்கத்தில் எங்கே போயின?

ஆயில்கறை | 06.03.2024, இரவு 11.15

மேடம் கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

முதல் பதிப்பில் எல்லாவற்றையும் வெட்டினேன். 'கண்ணாடி அணியவும், பயிற்சி பெற்றவர் மட்டும்' என்று ஆறு பக்கம், யாரும் படிப்பதில்லை என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் எண்ணெய் குறைவு என்று ஃபிட்டர் ஒருவர் மெஷினை நிறுத்தி, பேனலில் பிரஷர் பூஜ்யம் பார்த்துவிட்டு டேங்க் மூடியைத் திருகினார். பேனல் காட்டியது லைன் பிரஷர். டேங்குக்குள் இன்னும் இரண்டு பார் இருந்தது. மூடியின் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கும், மூடி முழுக்கக் கழலும் முன்பே அது காற்றை விட்டுச் சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் கையை எடுத்துவிட்டார். சட்டைக் கை முழுக்கச் சூடான எண்ணெய். அவ்வளவோடு போனது.

மேனுவலில் அந்த எச்சரிக்கை இருந்தது. 9ஆம் பக்கத்தில். எண்ணெய் ஊற்றும் முறை 80-க்கு மேல் ஏதோ ஒரு பக்கத்தில். நான் 9ஆம் பக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு 80-ஐ மட்டும் எடுத்தேன்.

இப்போது எண்ணெய் அளவு வரியிலேயே, மூடி என்ற சொல்லுக்கு முன்னால் எழுதியிருக்கிறேன்: 'நிறுத்து. டேங்கின் மேலுள்ள முள் கேஜ் பூஜ்யம் ஆகும்வரை நில். பேனலை நம்பாதே. பிறகு மூடி.' கை போகும் இடத்தில்தான் எச்சரிக்கை இருக்க வேண்டும். பொதுவானவை இன்னும் மேனுவலிலேயே இருக்கின்றன. மேனுவல் எங்கே இருக்கிறது என்பதை அட்டையின் அடியில் எழுதினேன்.

தரப்பிரிவு | 07.03.2024, காலை 9.50

சரி. ஆனால் லாக் புக்கை மட்டும் வைத்து வரிகளைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்கவில்லை. அபூர்வமாக நடந்தாலும் மெஷினையே முடித்துவிடுவது என்று எதுவும் இல்லையா?

மில்காரர் | 07.03.2024, காலை 10.30

உண்டம்மா. கேபிள் வேலை செய்த பிறகு ஃபேஸ் மாறிப்போவது. ஸ்க்ரூ தலைகீழாகச் சுற்றினால் எண்ணெய் வராது, சில விநாடிகளிலேயே ஏர்எண்ட் காலி. தடுக்க ஃபேஸ் ரிலே இருக்கும். ஆனால் அது அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று ஒயரை நேராக இணைத்துவிட்டுப் போன எலக்ட்ரீஷியனையும் நான் பார்த்திருக்கிறேன். லாக் புக்கில் இப்படியொன்று வாழ்நாளில் ஒரு தடவைதான் வரும். அந்த ஒரு பதிவோடு மெஷினும் போய்விடும்.

ஆயில்கறை | 07.03.2024, இரவு 8.40

சேர்க்கிறேன். 'மெயின் கேபிள், மோட்டார், ஸ்டார்ட்டர் எதைத் தொட்டிருந்தாலும்' என்று தொடங்கும் தனி வரியாக, கம்பிரசர் அட்டையில் இல்லாமல் பேனல் கதவின் உட்புறம் ஒட்டலாம் என்று தோன்றுகிறது. அந்த வேலை செய்பவன் பார்க்கும் இடம் அது.

லாக் புக் எண்ணிக்கையைப் பற்றி நான் முதலில் எழுதியதை இந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன். அடிக்கடி வருவது அட்டைக்குள் இடம் பிடிக்கட்டும். ஒரே தடவையில் அழிப்பது எண்ணிக்கை பார்க்காமல் வரட்டும்.

டயர்க்கடை | 08.03.2024, காலை 11.20

நம்ம கடையில் லேமினேட் எல்லாம் ஒரு மாதத்தில் எண்ணெய் புகுந்து கறுத்துவிட்டது. இப்போது சுவரிலேயே பெயிண்டால் எழுதிவிட்டேன். ரிங் தேய்ந்ததுதான், மாற்றியாகிவிட்டது.

தரப்பிரிவு | 08.03.2024, மதியம் 12.05

சுவரில் எழுதினால் திருத்தம் வந்ததும் என்ன செய்வீர்கள்? ட்ரிப் அளவை 105-க்கு மாற்றினால் சுவர் 110 என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

டயர்க்கடை | 08.03.2024, மதியம் 12.15

சுண்ணாம்பு அடிப்பேன்.

சாவி17 | 10.03.2024, இரவு 9.00

ஒரு வருட லாக் புக்கை எண்ணினேன். எங்களுக்கு முதலிடம் சூடு இல்லை. 'லோடு எடுக்கல' என்பதுதான், அதுவும் பெரும்பாலும் திங்கட்கிழமை காலையில். ஞாயிறு முழுக்க நின்ற மெஷின்.

இன்னொரு சிக்கல். இரவு ஷிப்டில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் ஆட்கள். தமிழ் அட்டையை அவர்கள் எப்படிப் படிப்பார்கள்?

ஆயில்கறை | 10.03.2024, இரவு 10.20

மொழிக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இந்தியில் ஒன்று போட்டேன், எங்கள் ஒடிசா பையன்களில் இருவர் அதையும் படிக்கவில்லை. குறிகளுக்கு நிறம் கொடுத்து, சைட் கிளாஸ் படம் மட்டும் வைத்துப் பார்க்கிறேன். பாதி வேலை செய்கிறது.

திங்கட்கிழமை விஷயத்துக்கு: காற்று உள்ளே நுழையும் சக்‌ஷன் வால்வ் திறக்கிறதா என்று ஏர் ஃபில்டர் பக்கம் கையை வைத்து உறிஞ்சலைப் பார்க்கச் சொல்லுங்கள், கண்ட்ரோல் காற்றுக் குழாயில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பாருங்கள். ஒரு நாள் நின்ற மெஷினில் இவை இரண்டையும் சந்தேகப்படுவேன். ஆனால் உங்கள் மெஷினை நான் பார்க்கவில்லை.

மில்காரர் | 11.03.2024, காலை 5.50

கையை வைக்காதே, காகிதத்தை வை. பழைய லாக் புக் பக்கம் ஒன்றைக் கிழித்துக்கொள். இழுத்துப் பிடித்தால் வால்வ் திறக்கிறது.

தரப்பிரிவு | 11.03.2024, காலை 9.15

லாக் புக் பக்கத்தைக் கிழிக்காதீர்கள்.